கார்ட்டனில் வாங்கி, பாக்ஸில் வைத்து, பீஸில் கொடுத்தால் கணக்கு ஏன் உதைக்கிறது?

"அண்ணே, துவாஸ்ல ஒரு கம்பெனி ஸ்டோர்ல வேலை பாக்குறேன். மாஸ்க், கிளவுஸ் எல்லாம் கார்ட்டன்ல வாங்குறோம், ரேக்ல பாக்ஸா அடுக்குறோம், ஆளுங்களுக்குப் பீஸா கொடுக்குறோம். ஒவ்வொரு ஸ்டாக் டேக்லயும் மாஸ்க் கணக்கு உதைக்குது, ஏன்னே தெரியல. இப்ப புது சிஸ்டம் போடுறாங்க. எதை அடிப்படை யூனிட்டா வைக்கணும்னு கேக்குறாங்க. என்ன சொல்லட்டும்?"

தம்பி, பீஸ் என்று சொல்லுங்கள். ஒரு பொருளை எந்த அளவுக்குச் சிறிதாகப் பிரித்துக் கையில் கொடுக்கிறீர்களோ, அதுதான் அதற்கு அடிப்படை அலகு. கார்ட்டனில் வாங்கலாம், பாக்ஸில் அடுக்கலாம். சிஸ்டத்தின் வயிற்றுக்குள் இருப்பு மட்டும் பீஸாகவே இருக்கட்டும்.

காரணம் சின்ன வகுப்புக் கணக்குதான். பெரியதிலிருந்து சிறியதுக்கு வரும்போது பெருக்குகிறோம், விடை எப்போதும் முழு எண்ணாக வரும். சிறியதிலிருந்து பெரியதுக்குப் போகும்போது வகுக்கிறோம், அங்கேதான் புள்ளிக்குப் பின்னால் எண்கள் முளைக்கின்றன. பாக்ஸை அடிப்படையாக வைத்துவிட்டு ஜோடி ஜோடியாகக் கிளவுஸ் கொடுத்தால் என்ன ஆகும் என்று பாருங்கள். நைட்ரைல் கிளவுஸில் பெரிய சைஸ் எக்ஸ்எல் பெரும்பாலும் ஒரு பாக்ஸில் 90 பீஸ் என்றுதான் வரும். ஒரு ஜோடி என்பது 90-இல் 2, அதாவது 0.02222 என்று முடிவில்லாமல் போகும். சிஸ்டம் மூன்று இலக்கத்தோடு நிறுத்திக்கொண்டால் அது 0.022.

```
45 ஜோடி × 0.022 BOX = 0.990 BOX
ரேக்கில்     : பாக்ஸ் காலி
சிஸ்டத்தில்  : 0.010 BOX மிச்சம்
```

பார்க்க ஒன்றுமில்லாத மாதிரி இருக்கும். இப்படி நூறு பாக்ஸ் காலியானதும் சிஸ்டத்தில் முழுசாக ஒரு பாக்ஸ் பேயாக உட்கார்ந்திருக்கும். யாரும் எடுக்கவில்லை, யாரும் தொலைக்கவில்லை, ஆனால் 90 கிளவுஸ் "குறைகிறது". மாஸ்க்கில் ஒரு பாக்ஸுக்கு 20 என்றால் ஒன்று சரியாக 0.05, மீதம் விழாது. அந்த அதிர்ஷ்டத்தைப் பார்த்துவிட்டு "பாக்ஸே போதும், நல்லாத்தானே ஓடுது" என்று சொல்பவர்கள் உண்டு. அடுத்த பொருள் 12 பீஸ் பாக்ஸில் வரும் வரைக்கும் அது நன்றாகத்தான் ஓடும்.

இதற்கு விலக்கும் உண்டு. வாஷர், கேபிள் டை மாதிரிச் சில்லறைச் சாமான்களை யாரும் எண்ணிக் கொடுப்பதில்லை, பாக்கெட்டாகத் தூக்கிக் கொடுக்கிறோம். அவற்றுக்குப் பாக்கெட்டே அடிப்படை. பீஸ் என்று போட்டால் இல்லாத துல்லியத்தைக் காட்டிக்கொண்டு ஏமாறுவீர்கள். காதடைப்பானுக்கு ஜோடி அடிப்படை. ஒற்றைக் காதுக்கு யாரும் வந்து கேட்கமாட்டார்கள். ஆனால் பெட்டியில் "200 pairs" என்று அச்சிட்டிருப்பதை 400 பீஸ் என்று ஒருவர் பதிந்து, கவுண்டரில் இன்னொருவர் ஒரு ஜோடியை ஒன்று என்று கழித்ததை நானே பார்த்திருக்கிறேன். கொடுக்கிற ஆள் வாயில் எந்தச் சொல் வருகிறதோ அதை அலகாக வைத்தால் பாதித் தொல்லை போய்விடும்.

இதைச் சரியாக முடிவு செய்துவிட்டு வந்தால் போதும் என்று நினைக்காதீர்கள். உங்கள் பழைய சிஸ்டத்திலும் அடிப்படை பீஸாகவே இருந்திருக்கலாம். அப்படியிருந்தும் மாஸ்க் கணக்கு உதைக்கிறது என்றால், கோளாறு மாற்று எண்ணில்தான், அதாவது ஒரு பாக்ஸோ கார்ட்டனோ எத்தனை பீஸ் என்று சிஸ்டத்தில் பதிந்திருக்கும் எண்ணில்தான் இருக்கும் என்பது என் சந்தேகம்.

கிலோ, மீட்டர் எல்லாம் அளவுகள். ஒரு கிலோ துவாஸிலும் ஒரு கிலோதான், தேக்காவிலும் ஒரு கிலோதான். கார்ட்டனும் பாக்ஸும் அப்படி இல்லை, அவை வெறும் அட்டைப்பெட்டிகள். உள்ளே எவ்வளவு என்பதை அந்தப் பொருளும் அதைக் கட்டியவரும் தீர்மானிக்கிறார்கள். இங்கே சிங்கப்பூரில் இன்வாய்ஸ்நவ் வழியாக வரும் மின்விலைப்பட்டியலில்கூட அலகுக்கு ஒரு குறியீடு இருக்கும். கார்ட்டனுக்கு `XCT`, பாக்ஸுக்கு `XBX`, பீஸுக்கு `H87`. இன்வாய்ஸ்நவ் பின்பற்றும் பெப்போல் முறையில் உலகம் முழுக்க அதே குறியீடுகள்தான். ஆனால் `XCT` என்பது "இது ஒரு கார்ட்டன்" என்று மட்டும்தான் சொல்லும். உள்ளே 80-ஆ 160-ஆ என்று அதற்குத் தெரியாது.

அதனால் புது சிஸ்டத்தில் "1 BOX = 100 PCS" என்று எல்லாப் பொருளுக்கும் பொதுவாக ஒரு வரி போடச் சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள். மீடியம் சைஸ் கிளவுஸ் 100, எக்ஸ்எல் 90, மாஸ்க் 20. மாற்று எண் அந்தந்தப் பொருளின் பக்கத்தில்தான் இருக்கவேண்டும். டஜன், குரோஸ் மாதிரி பெயரிலேயே எண்ணிக்கை உள்ளவற்றை மட்டும் பொதுவாக வைக்கலாம்.

இனி மாஸ்க் கதைக்கு வருகிறேன். இது நான் முன்பு வேலை பார்த்த ஓர் இடத்தில் நடந்தது. எண்களைப் புரிவதற்காகச் சற்றே வட்டமாக்கியிருக்கிறேன்.

நாங்கள் வழக்கமாக வாங்கியது வால்வு இல்லாத என்95. ஒரு பாக்ஸில் 20, ஒரு கார்ட்டனில் 8 பாக்ஸ், ஆக 160. சிஸ்டத்தில் அப்படியே பதிவாகியிருந்தது, அடிப்படை பீஸ். எல்லாம் முறைப்படிதான். ஒரு மாதம் சப்ளையரிடம் அந்த மாஸ்க் கையிருப்பு இல்லை. வால்வு உள்ளதை அனுப்புகிறோம் என்றார்கள். ஆபீஸில் "என்95 தானே, பரவாயில்லை" என்று பழைய பொருள் எண்ணிலேயே பிஓ, அதாவது கொள்முதல் ஆணை, போட்டுவிட்டார்கள். வால்வு வைத்த மாஸ்க் பருமனானது. அதே அளவு பாக்ஸில் 10-தான் அடங்கும். கார்ட்டனில் அப்போதும் 8 பாக்ஸ்தான், ஆனால் மொத்தம் 80.

லாரி வந்தது. சரக்கோடு வந்த டெலிவரி சீட்டான டிஓவில் "10 CTN". இறக்கியது 10 கார்ட்டன். கையெழுத்துப் போட்டு, சிஸ்டத்தில் 10 CTN என்று ஏற்றினோம். சிஸ்டம் தன் கடமையைச் செய்து 1,600 பீஸ் என்று வரவு வைத்தது. உள்ளே வந்தது 800. டிஓ சரி, பிஓ சரி, இன்வாய்ஸ் சரி. மூன்றும் கார்ட்டனில் பேசியதால் மூன்றும் ஒத்துப்போயின. தாளைச் சரிபார்த்து இந்தத் தப்பைப் பிடிக்கவே முடியாது.

அப்புறம் நடந்தது இது. ஏற்கெனவே பழைய மாஸ்க் 300 ரேக்கில் இருந்தது. வெளியே இருந்த சைட்டுகளுக்குப் புதிய பாக்ஸ் 40 போனது. கவுண்டரில் ஆட்களுக்கு ஒவ்வொன்றாக 500 கொடுத்தோம், முதலில் பழைய 300, பிறகு புதியதில் 200.

```
                   சிஸ்டம்     உண்மை
முன் இருப்பு            300        300
வரவு 10 CTN         +1,600       +800
சைட்டுக்கு 40 BOX      −800       −400
கவுண்டரில் பீஸாக        −500       −500
இருப்பு                 600        200
```

இங்கே கவனிக்கவேண்டியது ஒன்று இருக்கிறது. சைட்டுக்குப் போன 40 பாக்ஸில் தப்பு வெளியே தெரியவில்லை. பாக்ஸாக வந்தது பாக்ஸாகப் போனது. வரவில் இரட்டிப்பு, செலவிலும் இரட்டிப்பு, ஒன்றையொன்று தின்றுவிட்டன. எல்லா மாஸ்க்கும் பாக்ஸாகவே வெளியேறியிருந்தால் இன்றுவரை யாருக்கும் தெரிந்திருக்காது. ஒரு பாக்ஸைப் பிரித்துப் பீஸாகக் கொடுக்கத் தொடங்கும் இடத்தில்தான் தப்பு தலைகாட்டும். அந்த இடத்தில் உட்கார்ந்திருப்பவர் கவுண்டர் ஆள். பழியும் அவர் தலையில்தான் விழும்.

அப்படியே விழுந்தது. மாதக் கடைசி ஸ்டாக் டேக்கில் ரேக்கில் 20 பாக்ஸ் எண்ணினார்கள். எண்ணிக்கைத் தாளில் "20 BOX" என்று எழுதினார்கள். சிஸ்டம் அதை 400 பீஸாக மாற்றிக்கொண்டு, "இருப்பு 600, எண்ணியது 400, குறைவு 200" என்றது. உண்மையில் ரேக்கில் இருந்தது 200, புத்தகத்துக்கும் ரேக்குக்கும் வித்தியாசம் 400. எண்ணும்போதும் அதே தப்பான மாற்று எண்ணையே நம்பியதால், பாதி மீண்டும் மறைந்துகொண்டது. அந்த 200-ஐக் காணாமல்போனது என்று தள்ளுபடி செய்தார்கள். கவுண்டரில் இருந்த தம்பியை, புதுக்கோட்டைப் பக்கத்துப் பையன், சூப்பர்வைசர் கூப்பிட்டு இரண்டு வார்த்தை கேட்டார். அடுத்த மாதம் பார்த்தால் மறுபடியும் குறைவு. புத்தகத்தில் 400 இருக்கிறது, ரேக்கில் இருந்ததோ 200, பிறகு எப்படி டாலி ஆகும்?

உங்கள் இடத்தில் "ஒவ்வொரு ஸ்டாக் டேக்கிலும்" உதைக்கிறது என்றீர்களே, அந்தச் சொல்தான் எனக்கு இதை நினைவுபடுத்தியது. திருட்டோ, எழுத மறந்ததோ என்றால் குறைவு ஒழுங்கில்லாத எண்ணாக வரும். 37, 112, 8 என்று. மாற்று எண்ணில் கோளாறு என்றால் பெரும்பாலும் வட்டமான எண்ணாக, பாக்ஸ் அளவின் மடங்காக வரும். இது நிரூபணம் ஆகாது, ஆனால் எங்கே தேடுவது என்று காட்டும்.

இதைவிட நல்ல தடயம் விலையில் இருக்கிறது. பழைய மாஸ்க் கார்ட்டன் 128 வெள்ளி, பீஸுக்கு 80 காசு. புதியது கார்ட்டன் 72 வெள்ளி. 80 பீஸ் என்பதால் உண்மையில் பீஸுக்கு 90 காசு, விலை ஏறியிருக்கிறது. ஆனால் சிஸ்டம் 72-ஐ 160-ஆல் வகுத்து 45 காசு என்று போட்டது. முன் இருப்போடு சேர்த்துப் பார்த்தால் சராசரி விலை ஒரே நாளில் 80 காசிலிருந்து ஏறக்குறைய 51 காசுக்கு இறங்கியது.

```
(300 × 0.80 + 10 × 72) ÷ (300 + 1,600) = 960 ÷ 1,900 = 0.505
```

சிங்கப்பூரில் எந்தச் சாமான் ஒரே நாளில் பாதி விலைக்கு வருகிறது, சொல்லுங்கள். வரவு ஏற்றும்போது பீஸ் விலையைக் கடைசி முறையோடு ஒப்பிட்டுப் பார்த்திருந்தால், லாரி ஸ்டோர் வாசலைத் தாண்டும் முன்பே பிடித்திருக்கலாம். புது சிஸ்டத்தில் நீங்கள் ஒன்றே ஒன்று கேட்டு வாங்குவதாக இருந்தால் இதைக் கேளுங்கள். வரவு ஏற்றும் திரையில் கார்ட்டன் எண்ணிக்கைக்குப் பக்கத்திலேயே அது எத்தனை பீஸ் ஆகிறது, பீஸ் என்ன விலை, போன முறை என்ன விலை என்று தெரியட்டும். பத்து விழுக்காட்டுக்கு மேல் ஏறி இறங்கினால் எச்சரிக்கை வரட்டும். கார்ட்டனை மட்டும் காட்டும் திரை கண்ணைக் கட்டிவிடும்.

நாங்கள் கடைசியில் எப்படிக் கண்டுபிடித்தோம் என்றால், அந்தப் பையனே ஒரு நாள் பாக்ஸைக் கொண்டுவந்து மேசையில் கொட்டினான். பத்து மாஸ்க். "அண்ணே, இதுல இருபது எப்பவும் இருந்ததே இல்ல" என்றான். பிறகு உட்கார்ந்து மேலே உள்ள பட்டியலை எழுதினோம். வரவில் 800 கூடுதல், சைட் செலவில் 400 கூடுதல், நிகரம் 400. தள்ளுபடிக்கு முன் இருந்த இருப்பு வித்தியாசமும் சரியாக 400. ஒரு மாஸ்க்கூடக் காணாமல் போகவில்லை.

இப்போது திருத்துவது எப்படி? இங்கேதான் நல்லவர்களும் வழுக்கி விழுகிறார்கள். முதலில் தோன்றும் யோசனை, பொருள் பக்கத்தைத் திறந்து BOX-ஐ 20-லிருந்து 10 ஆக மாற்றிவிடுவது. செய்யாதீர்கள். இருப்பு பீஸில் இருக்கிறது, தள்ளுபடி எதுவும் போடாத நிலையில் அது 600 ஆகவே நிற்கும். மாற்று எண் மட்டும் மாறியதால் நேற்று 30 பாக்ஸ் என்று காட்டியது இன்று 60 பாக்ஸ் என்று காட்டும். ரேக்கில் இருப்பதோ 20. இன்னும் வராத பிஓ இருந்தால் அதன் கணக்கும் குழம்பலாம். சில மென்பொருள்கள் பரிவர்த்தனை நடந்த பொருளில் இப்படி மாற்ற விடாது, சில வாயைத் திறக்காமல் விட்டுவிடும். விடுவதால் அது சரி என்று ஆகாது.

இன்னொரு பொறி, பாதி மாற்றம். பெரும்பாலான சிஸ்டங்களில் BOX-உம் CTN-உம் தனித்தனியாகப் பீஸோடு கட்டப்பட்டிருக்கும், ஒன்றோடொன்று கட்டப்பட்டிருக்காது. எஸ்ஏபி மென்பொருளில்கூட ஒவ்வொரு மாற்று அலகுக்கும் `UMREZ`, `UMREN` என்று மேலெண்ணும் கீழெண்ணும் தனியாக இருக்கும், இரண்டுமே அடிப்படை அலகோடு உள்ள உறவைத்தான் சொல்லும். BOX-ஐ 10 ஆக்கிவிட்டு CTN-ஐ 160-லேயே விட்டால் அடுத்த லாரியிலும் அதே கதைதான். சோதிக்க எளிய வழி, CTN எண்ணை BOX எண்ணால் வகுத்துப் பாருங்கள். 160-ஐ 10-ஆல் வகுத்தால் 16 வருகிறது. கார்ட்டனைத் திறந்தால் 8 பாக்ஸ் இருக்கிறது. இரண்டும் ஒன்றாக இல்லையென்றால் ஏதோ ஒன்று பொய்.

சரியான முறை, தப்பு பிறந்த இடத்துக்கே போய்த் திருத்துவது. கணக்கு மாதம் இன்னும் மூடப்படவில்லை என்றால், சைட்டுக்குப் போன 40 பாக்ஸ் செலவைத் திருப்பி, வரவையும் திருப்பி, இரண்டையும் உண்மையான பீஸ் எண்ணிக்கையில் மீண்டும் பதியுங்கள். வேலை அதிகம்தான். ஆனால் அளவும் மதிப்பும் சேர்ந்தே சரியாகும். "400 குறைவு" என்று ஒரே வரியில் தள்ளுபடி போட்டால், காணாமல் போகாத சரக்குக்கு ஏறக்குறைய 202 வெள்ளி நட்டம் எழுதுகிறீர்கள். மிச்சமிருக்கும் 200 மாஸ்க்கும் 90 காசு கொடுத்து வாங்கியதாக இருந்தும் புத்தகத்தில் 51 காசில் உட்கார்ந்திருக்கும். மாதம் மூடியாகிவிட்டது என்றால் கணக்குப் பிரிவு ஆளை அழைத்து, அந்தத் தொகையை நட்டத்தில் போடாமல் மாஸ்க் செலவில் சேர்க்கச் சொல்லுங்கள். அது செலவான சரக்கின் விலைதானே.

இனிமேல் வராமல் தடுப்பது இரண்டு விதம். எங்கள் கதையில் வந்தது வேறு பொருள். வால்வு வழியாக வெளிமூச்சு வடிகட்டப்படாமல் போகும், அதனால் சில வேலையிடங்களில் அந்த வகையை விடமாட்டார்கள். ஆகவே அதற்குத் தனிப் பொருள் எண் கொடுத்திருக்கவேண்டும். விலை, பாக்ஸ், கார்ட்டன் எல்லாம் அதோடு தனியாகப் போய்விடும். ஆனால் அதே மாஸ்க், அதே மாடல், கட்டு மட்டும் 20-லிருந்து 10 ஆனது என்றால் தனிப் பொருள் எண் தேவையில்லை, கவுண்டரில் இரண்டுக்கும் வித்தியாசம் இல்லை. அப்போது அலகைப் பிரியுங்கள். BOX என்ற மொட்டைப் பெயரை விட்டுவிட்டு, எண்ணைப் பெயரிலேயே ஒட்டிவிடுங்கள்.

```
BX20  = 20 PCS
BX10  = 10 PCS
CT160 = 160 PCS
CT80  = 80 PCS
```

பழைய அலகில் நடந்தது பழைய அலகிலேயே நிற்கும், எந்தச் சரித்திரமும் மாறாது. ரேக்கில் இரண்டு கட்டும் கலந்து இருந்தாலும் எண்ணுகிறவர் எதை எண்ணுகிறார் என்று பெயரே கேட்டுவிடும். ஆபீஸில் "அலகுப் பட்டியல் நீளமாகிறது" என்று முகம் சுளிப்பார்கள். சுளிக்கட்டும். ஒவ்வொரு பொருளுக்கும் அதில் இரண்டோ மூன்றோதான் வரும்.

ஸ்கேனர் வைத்திருந்தால் இன்னும் ஒரு வசதி. பீஸ், பாக்ஸ், கார்ட்டன் என்று தனியாக விற்கும் ஒவ்வொரு கட்டுக்கும் தனித்தனி ஜிஎஸ்1 பார்கோடு எண் தரவேண்டும் என்பது விதி. கார்ட்டன் மேல் வரும் எண் பெரும்பாலும் 14 இலக்கம் இருக்கும், சில்லறைப் பாக்ஸில் 13 இலக்கம். உள்ளே எண்ணிக்கை மாறினால் அந்தக் கட்டுக்குப் புது எண் கொடுக்கவேண்டும் என்பதும் அதே விதியில் உண்டு. அந்த எண்ணை அலகோடு கட்டிவையுங்கள், இந்தப் பார்கோடு என்றால் CT160 என்று. கட்டு மாறிய கார்ட்டன் வந்ததும் ஸ்கேனர் "தெரியாது" என்று நின்றுவிடும். அந்த நிறுத்தம்தான் நமக்கு வேண்டும். எரிச்சலில் கையால் தட்டி ஏற்றிவிடாதீர்கள். எல்லாச் சப்ளையரும் விதியைக் கடைப்பிடிப்பார்கள் என்றும் நம்பவேண்டாம். சொந்தமாக ஸ்டிக்கர் ஒட்டி அனுப்புகிறவர்கள் இருக்கிறார்கள். அதனால் வரவின்போது ஒரு கார்ட்டனின் பக்கவாட்டில் அச்சிட்டிருக்கும் உள்ளெண்ணிக்கையைப் படித்து டிஓ மேலேயே கையால் எழுதுகிற பழக்கம் ஸ்கேனர் இருந்தாலும் இருக்கட்டும். அரை நிமிட வேலை.

விலை பற்றி ஒரு சின்ன எச்சரிக்கை. பீஸை அடிப்படையாக்கினால் பீஸ் விலை மிகச் சிறியதாகிவிடும். 1,000 கிளவுஸ் உள்ள கார்ட்டன் 58 வெள்ளி என்றால் ஒன்று 0.058. விலைக்கு இரண்டு இலக்கம் மட்டும் விட்டிருந்தால் அது 0.06 ஆகி, கார்ட்டனுக்கு 60 வெள்ளி என்று கணக்கு ஊதிவிடும். சிஸ்டம் போடுகிறவரிடம் விலைக்கு நான்கு ஐந்து இலக்கமாவது கேளுங்கள், அல்லது "1,000 பீஸுக்கு இவ்வளவு" என்று வைக்க வழியிருந்தால் அதைக் கேளுங்கள். இதைக் காரணம் காட்டிப் பாக்ஸை அடிப்படையாக்கலாம் என்று யாராவது சொன்னால் அந்தக் கிளவுஸ் கணக்கை எடுத்துக் காட்டுங்கள்.

கடைசியாக, பழைய சிஸ்டத்திலிருந்து இருப்பை அப்படியே ஏற்றுமதி செய்து புதியதில் கொட்டவேண்டாம். உங்கள் மாஸ்க் கணக்கின் நோயும் கூடவே வந்துவிடும். மாறும் நாளுக்கு முன் பிரித்துக் கொடுக்கும் பொருள்களை மட்டும் பீஸில் எண்ணுங்கள். மூடிய பாக்ஸ் ஒன்றில் எத்தனை என்று ஒன்றைத் திறந்து பார்த்துவிட்டுப் பெருக்குங்கள். திறந்த பாக்ஸை மேசையில் கொட்டி எண்ணுங்கள். எண்ணிக்கைத் தாளில் "பாக்ஸ்", "ஒரு பாக்ஸில் எத்தனை", "லூஸ்", "மொத்தப் பீஸ்" என்று நான்கு கட்டம் போட்டுக்கொள்ளுங்கள். இரண்டாவது கட்டத்தை முன்கூட்டியே அச்சடித்துக் கொடுத்துவிடாதீர்கள். எண்ணுகிற ஆள் பெட்டியைப் பார்த்துத் தன் கையால் எழுதவேண்டிய எண் அது. இன்னும் வராத பிஓக்களையும் ஒவ்வொன்றாகத் திறந்து, CTN என்று மொட்டையாக நிற்பவற்றுக்குச் சப்ளையரைக் கேட்டு CT160-ஆ CT80-ஆ என்று மாற்றிய பிறகு ஏற்றச் சொல்லுங்கள். மாஸ்க்கில் தொடங்குங்கள், அதில்தான் நேரம் போகும். மற்றவை ஒரு மதியத்தில் முடிந்துவிடும்.